அடிக்குரல் தொலைபேசிக்குள் நுழையாது

சென்ற மாதம் ஒரு பல் மருத்துவர் தன் வாய்ஸ்மெயில் வாழ்த்தைச் சரிசெய்து தரும்படி என்னிடம் வந்தார். "அழைப்பவர்கள் எதுவும் சொல்லாமலே வைத்துவிடுகிறார்கள்" என்பது அவருடைய குறை. அவருடைய கணினியில் அந்தப் பதிவைக் கேட்டேன். கம்பீரமான அடிக்குரல், பின்னணியில் மெல்லிய வீணை, மொத்தம் 31 விநாடிகள். குறை சொல்ல எதுவும் இல்லை. பிறகு என் கைபேசியிலிருந்து அவர் எண்ணை அழைத்தேன். தண்ணீருக்குள் யாரோ முணுமுணுப்பது போல இருந்தது.

காரணம் எளிமையானது. சாதாரணத் தொலைபேசி இணைப்பு ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்துகிறது. ஆணின் குரலுக்கு அடிப்படை அதிர்வு பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டியே இருக்கும். அது அந்தக் குழாய்க்குள் நுழைவதே இல்லை. மேலே உள்ள துணை அதிர்வுகளைக் கொண்டு நம் காது அதை ஊகித்துக்கொள்கிறது. மருத்துவர் நம்பிக்கை தோன்ற வேண்டுமென்று குரலை வலிந்து தாழ்த்தியிருந்தார். தாழ்த்தியதால் வந்த கனம் வழியிலேயே கழிந்துபோய், கரகரப்பு மட்டும் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போதைய கைபேசிகளுக்கிடையே அகன்ற அலைவரிசை கிடைப்பதும் உண்டு. ஆனால் எல்லா அழைப்புக்கும் அது கிடைக்கும் என்று நம்பிப் பதிவு செய்யக் கூடாது.

நம்பிக்கைக்கும் அடிக்குரலுக்கும் நாம் நினைக்கிற அளவு உறவும் இல்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 64 பேர் சொன்ன 'ஹலோ' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் கேட்டவர்கள் பேசியவரைப் பற்றிப் பெருமளவு ஒரே விதமான கணிப்புக்கு வந்தார்கள். ஆண் குரல்களில் சற்று உயர்ந்தவையே நம்பகமானவையாகத் தோன்றின. எனவே மருத்துவரிடம், "நோயாளியிடம் 'உட்காருங்கள்' என்று எப்படிச் சொல்வீர்கள்? அந்தக் குரலில் பேசுங்கள்" என்றேன். சொல்லும்போது அவர் தானாகவே புன்னகைத்தார். உதடுகள் விரிந்தால் ஒலியின் நிறமே மாறும். முகம் தெரியாவிட்டாலும் காதுக்கு அது தெரிந்துவிடும்.

வீணையை எடுத்துவிட்டோம். அவருக்கு வருத்தம்தான். கைபேசியின் ஒலிச்சுருக்கம் மனிதப் பேச்சுக்காக வடிவமைக்கப்பட்டது. பேச்சோடு இசையும் சேர்ந்து வந்தால் இரண்டையும் குழப்பிக் குழைத்துவிடும். தண்ணீருக்குள் பேசுவது போலக் கேட்டதன் பாதி ரகசியம் இதுதான்.

மீதிப் பாதி தமிழ் வாக்கிய அமைப்பால் வரும் சிக்கல். நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. மூச்சும் அங்கேதான் தீர்கிறது. "நானே உங்களை அழைக்கிறேன்" என்பதில் வாக்குறுதி முழுவதும் 'அழைக்கிறேன்' என்ற சொல்லில் இருக்கிறது. மருத்துவரின் பதிவில் அது 'அழைக்...' என்று தேய்ந்து மறைந்தது. நீண்ட வாக்கியங்களை உடைத்தோம்:

"வணக்கம், பல் மருத்துவமனை. இப்போது சிகிச்சையில் இருக்கிறேன். உங்கள் பெயரையும் எண்ணையும் சொல்லுங்கள். மாலை ஆறு மணிக்குள் நானே அழைக்கிறேன்."

நிதானமாகச் சொன்னால் 12 விநாடிகள். ஆறு மணி என்று சொன்னதால் ஆறு மணிக்குள் அழைக்க வேண்டும். அது முடியாதென்றால் நேரத்தைச் சொல்லாமல் இருப்பதே நல்லது. 'ஊரில் இல்லை, இருபதாம் தேதிதான் வருவேன்' என்று மட்டும் எவரும் பதிவு செய்ய வேண்டாம். பூட்டிய வீட்டை முன்பின் தெரியாதவர்களுக்கும் அறிவித்ததாகிவிடும்.

பதிவு செய்யத் தனி அறை தேவையில்லை. துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதை நோக்கி நின்றால் எதிரொலி அடங்கும். கைபேசியை ஒரு சாண் தள்ளி, வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் பிடித்தால் 'பல்' என்ற சொல்லின் 'ப' காற்றாய் வெடிக்காது. பதிவுப் பொத்தானை அழுத்தியதும் அரை விநாடி பொறுத்துப் பேச வேண்டும். அவசரப்பட்டால் 'வணக்கம்' 'ணக்கம்' ஆகிவிடும்.

அதே பதிவைக் காலர் டியூனாகவும் வைக்கலாமா என்று மருத்துவர் கேட்டார். வேண்டாம் என்றேன். காலர் டியூன் மணியடிக்கும் நேரத்தில் ஒலிப்பது. அவர் எடுத்த கணத்தில் நடுவிலேயே அறுந்துவிடும். 'சிகிச்சையில் இருக்கிறேன்' என்று கேட்ட மறுநொடியே அவர் 'ஹலோ' என்றால் அழைப்பவர் என்ன நினைப்பார்? அதற்குத் தனியாக, முதல் மூன்று விநாடிக்குள் மருத்துவமனையின் பெயர் வருமாறு ஒரு வரி போதும்.

சரிபார்ப்பதற்கு, சாலையோரம் நின்று வேறொரு கைபேசியிலிருந்து தன் எண்ணையே அழைத்துக் கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு வந்தவர் இன்னொரு முறை பதிவு செய்ய வேண்டும் என்றார். வாகன இரைச்சலில் 'ஆறு' சரியாகக் கேட்கவில்லையாம்.