‘கோபார்சனர்’ என்றால் பங்காளியா, பங்குதாரரா?

குடும்பச் சொத்து வழக்குகளில் அடிக்கடி தலைகாட்டும் சொல் ‘கோபார்சனர்’. இதைச் சிலர் ‘பங்காளி’ என்றும் சிலர் ‘பங்குதாரர்’ என்றும் தமிழாக்குகிறார்கள். இரண்டுமே ஆளைத் தடுமாற வைப்பவை.

லத்தீனில் பிரிவினையைக் குறித்த சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘பார்சனர்’ ஆனது. பழைய இங்கிலாந்துச் சட்டப்படி ஒருவர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தால், அவருடைய மகள்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே வாரிசாக நிலத்தைப் பெறுவார்கள். அந்த மகள்கள்தான் கோபார்சனர்கள். இந்தியாவுக்கு வந்த ஆங்கில நீதிபதிகள் இதே சொல்லை, மிதாட்சரம் என்ற இந்துச் சட்ட மரபைப் பின்பற்றும் கூட்டுக் குடும்பத்தில் பிறப்பாலேயே சொத்துரிமை பெறும் ஆண்களுக்குச் சூட்டினார்கள். மகள்களுக்கென்று பிறந்த சொல் இங்கே மகள்களை வெளியே நிறுத்தியது. 2005 செப்டம்பர் 9 முதல் நடப்புக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் மகளையும் பிறப்பாலேயே கோபார்சனர் ஆக்கியது. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

தமிழில் ‘பங்காளி’ என்றால் ஒரே வழியில் வந்த ஆண்கள்தான்; மணமாகிப் போன மகளை யாரும் பங்காளி என்று சொல்வதில்லை. ‘தாயாதி’யும் அப்படியே. அது தாயிலிருந்து வந்த சொல்லன்று. ‘தாயம்’, அதாவது மரபுரிமைச் சொத்து, என்ற வடசொல்லின் வழி வந்தது. ‘பங்குதாரர்’ ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்தவர். பிறந்ததாலேயே பங்கு வருகிறவரை ‘பிறப்புவழிப் பங்குரிமையர்’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. நீளம்தான், ஆனால் குழப்பம் இல்லை.

ஒருவர் உயிலில் எதை எழுத முடியும் என்பது இந்தச் சொல்லில்தான் தொங்குகிறது. (‘உயில்’ ஆங்கில ‘வில்’தான்; ‘விருப்ப ஆவணம்’ என்ற தமிழ் இருந்தும் உயிலே நிலைத்துவிட்டது.) பழைய முறைப்படி, பிரிக்காத பங்கை உயிலில் எழுத முடியாது, இறந்தவரின் பங்கு மற்றப் பங்குரிமையருக்குத் தானாகப் போய்விடும். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 30-இல், அந்தக் கட்டை அவிழ்த்தது. பிரிக்காத பங்கையே தானமாகக் கொடுக்க மற்றவர்களின் சம்மதம் வேண்டும், உயிலுக்கு வேண்டாம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 1956-க்கு முன்பிருந்தே கூட்டுக் குடும்பச் சொத்தாக வரும் ஒரு பாத்திரக்கடை. தந்தை, தாய், இரண்டு மகன்கள், ஒரு மகள். கடன்களைக் கழித்துக் கடையின் மதிப்பு 80 லட்சம் ரூபாய். தந்தை “கடை முழுவதையும் என் மகளுக்கு எழுதி வைக்கிறேன்” என்று உயில் எழுதிவிட்டு 2024-இல் இறக்கிறார்.

அவர் இறப்பதற்குச் சற்றுமுன் பாகப் பிரிவினை நடந்ததாகச் சட்டம் வைத்துக்கொள்ளும். தமிழகத்தில் இந்தப் பிரிவினையில் மனைவிக்குத் தனிப் பங்கு ஒதுக்கும் வழக்கம் எப்போதோ ஒழிந்துவிட்டது. ஆகவே தந்தைக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 20 லட்சம். ‘கடை முழுவதும்’ என்று எழுதியிருந்தாலும் தந்தையின் 20 லட்சத்துக்குத்தான் உயில் செல்லும். மகளுக்குத் தன் பங்கோடு சேர்த்து 40, மகன்களுக்கு ஆளுக்கு 20.

உயிலே இல்லையென்றால்? தந்தையின் 20 லட்சம் தாய்க்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக, ஆளுக்கு 5 லட்சம் போயிருக்கும். பிள்ளைகளுக்கு ஆளுக்கு 25, தாய்க்கு 5. ஆக, உயிலால் மகன்கள் இழந்தது ஆளுக்கு 5 லட்சம்தான். அவர்களுடைய பிறப்புரிமையில் ஒரு காசும் குறையவில்லை. உண்மையில் அடிபட்டவர் தாய். வந்திருக்கக்கூடிய 5 லட்சமும் போய்க் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அண்ணன் தம்பிகள் கூச்சலிடும்போது அந்த அம்மாளைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

தந்தையின் பங்கு உயில் எழுதிய நாளில் முடிவாவதில்லை. இறந்த நாளில்தான் முடிவாகிறது. இடையில் மூத்த மகன் தன் பாகத்தை வாங்கிக்கொண்டு விலகியிருந்தால், மீதியில் தந்தைக்கு மூன்றில் ஒரு பங்கு. ‘நான்கில் ஒரு பங்கு’ என்று உயிலிலேயே எழுதி வைத்தால் அப்போது தகராறு வரும். ‘என் மரணத்தின்போது எனக்குரிய பங்கு முழுவதும்’ என்று எழுதுவதே பாதுகாப்பு.

பங்கு வந்ததால் மட்டும் கடையின் நிர்வாகம் மகள் கைக்கு வந்துவிடாது. குடும்பத் தலைவர் பொறுப்பை உயிலால் கொடுக்க முடியாது. அவள் பிரிவினை கேட்கலாம், கணக்குக் கேட்கலாம். கடை உண்மையில் ஒப்பந்தம் போட்ட கூட்டாண்மை நிறுவனம் என்றால் கதையே வேறு. அங்கே இருப்பவர்கள் பங்குதாரர்கள். உயில் மகளுக்குத் தருவது தந்தைக்கு நிறுவனத்திலிருந்து சேர வேண்டிய தொகையைத்தான். ஒப்பந்தத்தில் இடமில்லாவிட்டால், மற்றவர்கள் சம்மதிக்காமல் அவள் உள்ளே வர முடியாது.