ஆயாவின் மூக்குத்தி ஏன் பக்கம் மாறுகிறது?

டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் என் சித்தி வீட்டிலேயே மாங்காய் ஊறுகாய் போட்டு விற்கிறார். பாட்டில் லேபிளுக்கு ஒரு ஆயா பொம்மை கேட்டார்: நரைத்த கொண்டை, வலது மூக்கில் மூக்குத்தி, மஞ்சள் சேலை. ஏஐ மாடலிடம் வரையச் சொன்னேன், நன்றாகவே வந்தது. வாட்ஸ்அப்பில் போட, அதே ஆயா கையசைப்பது போல இன்னொன்று கேட்டேன். சித்தி பார்த்துவிட்டு, "டேய், இவ யாருடா? நம்ம ஆயா எங்கே?" என்றார்.

இந்த மாடல்கள் கண்டபடி சிதறிய புள்ளிகளில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்துப் படமாக்குகின்றன. 'மூக்குத்தி போட்ட பாட்டி' என்பதற்குப் பொருந்தும் முகங்கள் ஏராளம். எது வரும் என்பதில் அந்தத் தொடக்கப் புள்ளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அவற்றை முடிவுசெய்யும் சீட் எண்ணை மாற்றாமல் வைத்தாலும், வாசகத்தில் 'கையசைக்கிறாள்' என்று சேர்த்தால் முகமும் கொஞ்சம் நகர்ந்துவிடும்.

அதனால் ஆயா நிற்பது, கையசைப்பது என எல்லா நிலைகளையும், ஒரே தாளில் அடுக்கியதுபோல, ஒரே படத்தில் வரையச் சொல்ல வேண்டும். ஒரு படத்துக்குள் ஒவ்வொரு பகுதியும் மற்ற பகுதிகளைப் பார்த்துக்கொண்டே உருவாகிறது. இடக்கோடியில் உள்ள முகம் வலக்கோடி முகத்தை இழுத்துப் பிடிக்கும்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல். 1024 பிக்சல் அகலத்தில் ஐந்து முழு உருவங்கள் நின்றால் ஒரு முகத்துக்குக் கிடைப்பது சுமார் 60 பிக்சல். பல மாடல்கள் 8-க்கு 8 பிக்சலை ஒரே கட்டமாகச் சுருக்கித்தான் வேலை செய்கின்றன. ஆக, முகம் முழுவதற்கும் ஏழெட்டுக் கட்ட அகலம்தான். மூக்குத்திக்கு ஒரு கட்டம்கூடத் தேறாது. முகத்துக்குத் தனித் தாள், உடலுக்குத் தனித் தாள் என்று பிரித்த பிறகுதான் மூக்குத்தி நிலைத்தது.

அவற்றில் தேறிய இருபது படங்களைக் கொண்டு லோரா பயிற்சி கொடுத்தேன். மூல மாடலைத் தொடாமல், பக்கத்தில் ஒரு சிறிய திருத்தத்தை மட்டும் கற்றுக்கொடுக்கும் முறை இது. ஒவ்வொரு படத்துக்கும் எழுதும் குறிப்பில் ஆயாவுக்கென வைத்த பெயர், நிற்கும் விதம், பின்னணி இவை மட்டும் போதும். சேலையையும் கொண்டையையும் குறிப்பிடக்கூடாது. சொல்லாமல் விட்டவை அந்தப் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

பயிற்சி முடிந்து பார்த்தால் பாதிப் படங்களில் முந்தானை வலத்தோளில்! படங்களைக் கண்ணாடிபோலத் திருப்பியும் கற்பிக்கும் `flip_aug` என்ற அமைப்பை அணைக்க மறந்திருந்தேன். இருபுறமும் ஒன்றாக இருக்கும் பொம்மைக்கு அது உதவும், சேலை கட்டிய ஆயாவுக்கு ஆகாது.

அணைத்துவிட்டு மறுபடி பயிற்சி கொடுத்தேன். சோதிக்க, இடக்கன்னம் மட்டும் தெரியும் பக்கவாட்டு முகத்தைக் கேட்டேன். அதில் மூக்குத்தி தெரியவே கூடாது. பத்தில் மூன்றில் தெரிந்தது. அந்த மூக்குத்திகளைக் கையாலேயே அழித்தேன்.

லேபிள் 9 செ.மீ. அகலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் சுமார் 1060 பிக்சல் வேண்டும். தாளிலிருந்து வெட்டிய ஆயா வெறும் 200. வாட்ஸ்அப்புக்கு அது போதும். அச்சுக்கு மட்டும் அதன் மேலேயே, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் கோடுகளாக வரைந்து கொடுத்தேன்.