கலர் இங்க் தீர்ந்தால் கறுப்பில் அச்செடுக்க முடியுமா?

நாலு பக்க விண்ணப்பம், எல்லாமே கறுப்பு எழுத்து. ஆனால் மஞ்சள் தீர்ந்துவிட்டது என்று சொல்லி பிரிண்டர் நின்றுவிடுகிறது. இதற்கு வழி உண்டா என்பது உங்கள் பிரிண்டரில் ஹெட் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஹெட் என்பது மையைத் தாளில் தெளிக்கும் பகுதி.

கார்ட்ரிட்ஜைக் கழற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் செம்பு நிறப் புள்ளிகளும், அடியில் மெல்லிய தகடு போல ஒரு பட்டையும் இருந்தால் ஹெட் அதிலேயே இருக்கிறது. கறுப்புக்கு ஒன்று, மூன்று கலருக்கும் சேர்த்து ஒன்று என இரண்டே கார்ட்ரிட்ஜ் போடும் ஹெச்பி டெஸ்க்ஜெட்கள் பல இந்த வகை. இவற்றில் காலியான கலர் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்துவிட்டு மூடியைச் சாத்தினால் போதும், மிச்சமிருக்கும் கறுப்பை வைத்தே வேலை நடக்கும். காலியானதை உள்ளேயே விட்டால்தான் தகராறு. கலர் கார்ட்ரிட்ஜை எடுக்காமலேயே கலர் மையை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் பிரிண்ட் அமைப்பில் <code>Black Ink Only</code> என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் <code>High Quality Grayscale</code> கலர் மைகளையும் கலந்துதான் சாம்பல் நிறம் உண்டாக்கும்.

ஒவ்வொரு கலருக்கும் தனித்தனி கார்ட்ரிட்ஜ் போடும் எப்சன் மாடல்களில் கதை வேறு. அங்கே ஹெட் பிரிண்டரிலேயே நிரந்தரமாக இருக்கிறது. கார்ட்ரிட்ஜ் வெறும் மைப் புட்டிதான். ஒரு கலர் வற்றினால் அந்தக் குழாயில் காற்று புகும், துளைகளில் மை காய்ந்து அடைக்கும். புதுக் கார்ட்ரிட்ஜ் போட்டாலும் அந்த அடைப்பு போகாது. ஹெட்டைச் சுத்தம் செய்யும்போதும் எல்லாக் கலரும் கொஞ்சம் செலவாகும். அதனால்தான் கறுப்பில் அச்சிடவும் பிரிண்டர் மறுக்கிறது. கம்பெனிக்கு இதில் மை விற்கும் லாபமும் இருக்கிறது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. எந்தப் பிரிண்டரில் அச்சானது என்று கண்டுபிடிக்கத் தாளில் பதிக்கும் ரகசிய மஞ்சள் புள்ளிகளுக்காகத்தான் மஞ்சள் கேட்கிறது என்ற பேச்சு கலர் லேசர் பிரிண்டர்களைப் பற்றியது, இங்கே பொருந்தாது.

ஆனால் எப்சனின் பல மாடல்கள் தற்காலிகமாகக் கறுப்பில் அச்சிட விடும். கறுப்பு மை இருக்க வேண்டும், தாள் வகை சாதாத் தாள் என்றிருக்க வேண்டும், கலரை நிறுத்தி கிரேஸ்கேல் தேர்ந்தெடுக்க வேண்டும். கெடு சுமார் 5 நாள். தாள் வகை போட்டோ பேப்பர் என்று கிடந்தால் இந்த வசதி வராது. பலர் மாட்டுவது அங்கேதான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரம், அளவு, விலை பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையைத் தருகிறது. கலர் இல்லாமலும் கறுப்பு ஓடும் என்று சொல்லி விற்றிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அதற்கு 2 வருடக் கெடு உண்டு. கலர் இல்லாமல் ஓடாது என்று கையேட்டில் முன்பே எழுதியிருந்தால் புகார் வலுவிழக்கும். எனவே வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.