யானையைத் தொட்ட கையும் பத்து நிமிடப் பழைய படபடப்பும்

குடியாத்தத்தில் கைலி வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் சென்ற வாரம் எனக்கு இரண்டு படங்களை அனுப்பியிருந்தார். ஒன்று, காட்பாடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த சதுரங்கப் போட்டியின் நான்காம் சுற்றில் அவர் எழுதிய ஸ்கோர் ஷீட். மற்றொன்று, அன்றிரவு தம் கிளப் நண்பருக்காகத் தட்டச்சு செய்து, அனுப்ப மனம் வராமல் வைத்திருந்த மன்னிப்புச் செய்தி. அவற்றோடு ஒரு கேள்வியும் இருந்தது: "அண்ணாவும் நானும் பதினோரு வருடமாக ஒரே கிளப்பில் ஆடுகிறோம், ஒரு நாளும் முகம் கோணியதில்லை. நேர நெருக்கடியில் கத்தியிருந்தால்கூட எனக்குப் புரியும். நெருக்கடியெல்லாம் தீர்ந்து, ஆட்டமும் என் கைக்கு வந்த பிறகு ஏன் கத்தினேன்? இந்தச் செய்தியை அனுப்பலாமா?"

நெருக்கடி தீர்ந்த பிறகு ஏன் என்ற கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. செய்தியை எப்படி எழுதுவது என்பதும் அதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்ததே.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்குத் தொண்ணூறு நிமிடம், நகர்வுக்கு முப்பது விநாடி கூடுதல் என்ற கணக்கில் நடந்த ஆட்டம் அது. நம் வாசகர் 26-ஆம் நகர்வுக்குள் தம் நேரத்தை ஏறக்குறைய முழுவதும் செலவழித்துவிட்டு, 27 முதல் 40 வரை அந்த முப்பது விநாடிக் கூடுதலை நம்பியே ஆடியிருக்கிறார். 41-இல் ராணிகள் வெட்டுப்பட்டு, ஒரு சிப்பாய் அதிகமாக உள்ள நிம்மதியான முடிவாட்டம் அவருக்குக் கிடைத்தது. யோசிக்காமலே ஆடக்கூடிய நகர்வுகள் என்பதால் கடிகாரத்தில் நேரம் சேர்ந்துகொண்டே போய், 52-ஆம் நகர்வில் ஐந்து நிமிடத்தைத் தாண்டியிருந்தது. அப்போது நண்பர், தம் முறை வந்ததும், கட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த தம் யானையை விரலால் நேராகத் தள்ளி வைத்துவிட்டு ராஜாவை நகர்த்தினார். ஆடுவதற்காக அல்ல, சரிசெய்வதற்காகவே காயைத் தொடுகிறேன் என்பதை முன்கூட்டித் தெரிவிக்கும் "அட்ஜஸ்ட்" என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. வாசகர் கடிகாரத்தை அறைந்து நிறுத்தி, "பதினோரு வருஷமா இப்படித்தான் ஏமாத்துறீங்களா?" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். நடுவர் அவரை எச்சரித்து, நண்பரின் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் கூட்டினார். ஆட்டம் சமனில் முடிந்தது. நண்பர் கை கொடுக்காமல் எழுந்து போய்விட்டார்.

அவர் அனுப்பிய ஸ்கோர் ஷீட்டை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 27-ஆம் வரியிலிருந்து எழுத்துகள் சாய்ந்து, பேனா தாளைக் கீறி, இரண்டு இடங்களில் அடுத்த வரிக்கே இறங்கிவிடுகின்றன. ஓரத்தில் அவர் குறித்துக்கொண்ட கடிகார நேரங்களும் அப்படியே. 44-ஆம் வரியிலிருந்து கையெழுத்து மறுபடியும் கணக்குப்பிள்ளையின் கையெழுத்தைப் போலக் குண்டு குண்டாக, வரிசையாக வந்துவிடுகிறது. அதாவது, கத்துவதற்கு ஏறக்குறைய பத்து நிமிடங்களுக்கு முன்பே தாம் அமைதியாகிவிட்டதாக அவர் நம்பியிருக்கிறார். அவர் உடல் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

நேரம் குறையும்போது பரிவு நரம்பு மண்டலம் விழிப்பதும், சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் சுரப்பி அட்ரினலினை இரத்தத்தில் கலப்பதும், இதயம் வேகமெடுப்பதும் பத்தாம் வகுப்பிலேயே படித்தவை. அதிகம் பேசப்படாத பகுதி அந்த வேகம் இறங்கும் விதம். அட்ரினலின் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். ஆனால் கார்டிசால் என்னும் இன்னொரு ஹார்மோன் மெதுவாகப் புறப்பட்டு, நெருக்கடி தொடங்கி இருபது முப்பது நிமிடங்கள் கழித்தே உச்சத்தைத் தொட்டு, அதைவிடவும் மெதுவாக வடிகிறது. ஆகவே நெருக்கடி முடிந்துவிட்டது என்று மனம் அறிவிக்கும் நேரத்தில், உடலில் அதன் மிச்சம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். நாமோ நம் கொதிப்பை எதைக் கொண்டு அளக்கிறோம்? மூச்சு இரைக்கிறதா, கை நடுங்குகிறதா, உள்ளங்கை ஈரமாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். கண்ணுக்குத் தெரியும் இந்த அடையாளங்கள் முதலில் அடங்கிவிடுகின்றன, நாடித்துடிப்பிலும் இரத்த அழுத்தத்திலும் உள்ள ஏற்றம் பிறகே அடங்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது.

அந்த இடைவெளியை ஆய்வுக்கூடத்தில் பிடித்துக் காட்டியவர் டால்ஃப் சில்மன் என்னும் உளவியலாளர். 1970-களின் தொடக்கத்தில் அவரும் அவருடைய கூட்டாளிகளும் செய்த சோதனைகள் எனக்கு மிகவும் பிடித்தவை, ஏனெனில் அவற்றின் முக்கியக் கருவி ஒரு நிலைச் சைக்கிள். சோதனைக்கு வந்தவரை வேறொருவர் முதலில் சீண்டுவார். பிறகு வந்தவர் சைக்கிள் மிதிப்பார். அதன் பின், சீண்டியவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் வாய்ப்பு அவருக்குத் தரப்படும், எவ்வளவு என்பதையும் அவரே தேர்ந்தெடுக்கலாம். மிதித்து இறங்கியவுடனே வாய்ப்பளித்தால் பெரிய ஆவேசம் இல்லை, ஏனெனில் இதயம் அடித்துக்கொள்வது சைக்கிளால் என்று அவருக்கே தெரியும். சற்று நேரம் உட்காரவைத்து, மூச்சு சீரான பிறகு வாய்ப்பளித்தால் அதிர்ச்சியின் அளவு கூடியது. உடலில் மிச்சம் இருந்தது, அது சைக்கிளின் மிச்சம் என்ற நினைவுதான் போய்விட்டது. காரணம் தெரியாத கொதிப்புக்கு மூளை காரணம் தேடியபோது, சீண்டியவரின் முகமே கைக்கு எட்டிய காரணமாகக் கிடைத்தது. இதைக் கிளர்ச்சி இடமாற்றம் என்று சில்மன் அழைத்தார். ஒருவர் வாங்கிய கடனை வேறொருவரிடம் வசூல் செய்வது போன்றது இது. வசூல் செய்பவரோ, கடன் அவருடையதே என்று மனதார நம்புகிறார்.

நம் வாசகரின் 44 முதல் 52 வரையிலான நகர்வுகள் அந்த உட்காரவைத்த நேரத்துக்குச் சமம். 38-ஆம் நகர்வில் நண்பர் யானையைத் தொட்டிருந்தால், வாசகர் ஒருவேளை பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்திருப்பார், ஏனெனில் தம் படபடப்பு கடிகாரத்தால் வந்தது என்பது அப்போது அவர் கண் முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒருவரின் ஒரே ஆட்டத்தை வைத்து இதை நிரூபித்துவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மார்பில் கட்டும் நாடிப்பட்டையை அவர் அணிந்திருக்கவில்லை, என்னிடம் இருப்பது கையெழுத்து மட்டுமே. 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாடையே நடத்திக் காட்டிய மாநிலம் நம்முடையது. வார இறுதிப் போட்டிகளில் நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் ஆடும்போது, அவர்களில் இருபது பேருக்கு நாடிப்பட்டை கட்டிப் பார்க்க ஒரு கல்லூரியின் உடலியல் துறைக்குப் பெரிய நிதி தேவையில்லை, கேட்டால் கொடுக்கும் மனம்தான் தேவை. அது இல்லாத இடத்தைச் சோதிடம் நிரப்பிக்கொள்கிறது. வாசகருக்கும் வீட்டில் யாரோ சனிப்பெயர்ச்சி என்று சொல்லியிருக்கிறார்கள். சனியின் மேல் பழிபோடுவதும் யானையின் மேல் பழிபோடுவதும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன.

இப்போது அந்த முதல் செய்தியைப் பாருங்கள்: "அண்ணா, இன்று நடந்ததற்கு மன்னிக்கவும். நீங்கள் அட்ஜஸ்ட் என்று சொல்லாமல் யானையைத் தொட்டதால்தான் எனக்குக் கோபம் வந்துவிட்டது. விதி என்னவோ நான் சொன்னதுதான். உங்கள் மனம் புண்பட்டிருந்தால் மன்னித்துவிடுங்கள்."

இதன் இரண்டாம் வாக்கியம், சில்மனின் சோதனையில் மின்னதிர்ச்சி கொடுத்தவர் எழுதக்கூடிய வாக்கியம். எழுதியவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றியிருக்கிறது. அன்றிரவு ஆட்டத்தை மீண்டும் மீண்டும் பலகையில் வைத்துப் பார்த்ததாகவும் எழுதியிருந்தார். கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்கள், சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகக் கோபத்தோடு இருந்ததை பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். நினைத்துப் பார்ப்பதே கொதிப்பைப் புதுப்பிக்கிறது. ஆகவே அன்றிரவு எழுதிய செய்தியில் காரணம் தவறாக அமைந்ததில் வியப்பில்லை. மூன்றாம் வாக்கியம் வேறு வகையான சிக்கல். சர்வதேச விதிப்படி, முன்கூட்டிச் சொல்லாமல் தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும் என்று கோர அவருக்கு இடம் இருந்தது உண்மை. கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழைப்பதே அதற்கான வழி. அந்தக் கோரிக்கை நடுவருக்கு உரியது. நண்பருக்கு உரியது, "ஏமாத்துறீங்களா" என்ற சொல்லுக்கான பொறுப்பு.

மன்னிப்பின் உறுப்புகளைத் தனித்தனியாகப் பிரித்து மதிப்பிடச் சொல்லி, ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராய் லெவிக்கி குழுவினர் 2016-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். வருத்தம், விளக்கம், பொறுப்பேற்பு, இனிச் செய்யேன் என்பது, ஈடுசெய்தல், மன்னிக்க வேண்டுதல் என ஆறு உறுப்புகள். அவற்றில் பொறுப்பேற்பு முதலிடம் பெற்றது, ஈடுசெய்ய முன்வருவது அடுத்த இடத்தைப் பெற்றது, "மன்னித்துவிடுங்கள்" கடைசியில் நின்றது. அலுவலகத் தவறு ஒன்றைக் கற்பனையாகக் கொடுத்துக் கேட்ட ஆய்வு அது. பதினோரு வருட நட்புக்கு அதை அப்படியே பொருத்த நான் துணியமாட்டேன். இருந்தாலும், வாசகரின் செய்தியில் கடைசி உறுப்பு இருமுறை வந்து முதலிரண்டும் இல்லாமற்போனதை அது சுட்டிக்காட்டுகிறது. நேரத்தைப் பற்றி, சிந்தியா ஃப்ரான்ட்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளியும் 2005-இல் சொன்னதும் இங்கே உதவும்: புண்பட்டவர் தம் பக்கத்தைச் சொல்லி, அது கேட்கப்பட்டது என்று உணர்ந்த பிறகு வரும் மன்னிப்பு அதிகம் எடுபடுகிறது. அப்படியென்றால் இந்தச் செய்தி அவரைப் பேசவைப்பதற்கான கதவாக இருந்தால் போதும்.

இரண்டு நாள் ஆட்டத்தைத் தொடாமல் இருந்துவிட்டு, செவ்வாய்க்கிழமை காலையில் கடை திறக்கும் முன் வாசகர் எழுதி அனுப்பியது இது:

"அண்ணா, ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் நீங்கள் ஏமாற்றுவதாகச் சொன்னேன். அது பொய். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தும் சொன்னேன். நேரம் போன படபடப்பை உங்கள் மேல் காட்டிவிட்டேன், அதற்கு நீங்கள் எந்த விதத்திலும் காரணம் இல்லை. நடுவருக்குப் போன் செய்து இதைச் சொல்லிவிட்டேன். உங்களுக்குச் சம்மதமென்றால் கிளப்பில் எல்லார் முன்னாலும் சொல்கிறேன், வேண்டாமென்றால் பேச்சை எடுக்கமாட்டேன். உங்களுக்கும் என்னிடம் சொல்ல இருக்கும். எப்போது கூப்பிட்டாலும் வந்து, குறுக்கே பேசாமல் கேட்கிறேன்."

மாலையில் வந்த பதிலையும் எனக்கு அனுப்பியிருந்தார்: "ஞாயிறு சாயங்காலம் வா, பேசலாம். யானையைச் சொல்லாமல் தொட்டது நான்தான்."