பெயர் தெரியும், ஆனால் வாங்குவார்களா? நான்கே கேள்விகளில் ஒரு பிராண்டை அளப்பது

ஒரு பிராண்டை மக்கள் அறிந்திருப்பதும், வாங்கும் வேளையில் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வதும், கடைசியில் மற்றவற்றைத் தள்ளிவிட்டு அதையே விரும்புவதும் வெவ்வேறு செய்திகள். முதலாவதை அறிமுகம் என்றும், இரண்டாவதைப் பரிசீலனை என்றும், மூன்றாவதை விருப்பம் என்றும் சொல்லலாம். மூன்றையும் அளக்கப் பெரிய ஆய்வு நிறுவனம் தேவையில்லை. நான்கு கேள்விகளும் சில நூறு பேரின் பதில்களும் போதும். ஆனால் அந்த நான்கு கேள்விகளும் எந்த வரிசையில் வருகின்றன என்பதில் சிறிய பிழை நேர்ந்தாலும் எண்கள் பயனற்றுப் போகும்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைச் சந்தையை எடுத்துக்கொள்வோம். முதுகுப்பை தயாரிக்கும் மூன்று பிராண்டுகள் அதில் இருக்கின்றன: பெரிய பிராண்டான ‘யானை’, நடுத்தர அளவிலான ‘முயல்’, நாம் அளக்க விரும்பும் ‘கிளி’. பட்டியலில் ‘ஆமை’ என்று நான்காவது பெயர் ஒன்றும் இருக்கும். அப்படி ஒரு பிராண்டே கிடையாது. அது எதற்கு என்பதைப் பின்னர் பார்ப்போம்.

முதல் கேள்வியில் எந்தப் பெயரும் இருக்கக் கூடாது. “முதுகுப்பை என்றதும் உங்கள் நினைவுக்கு வரும் பிராண்டுகளை, நினைவுக்கு வரும் வரிசையிலேயே எழுதுங்கள்” என்று மட்டும் கேட்டு, வெற்றுக் கட்டம் ஒன்றைத் தர வேண்டும். எவ்விதத் துணையுமின்றி நினைவிலிருந்து எழும் இந்தப் பெயர்கள் தூண்டப்படாத அறிமுகத்தைக் காட்டுகின்றன. அவற்றுள் முதலில் எழுதப்பட்டதைத் தனியாகவும் எண்ணுவது வழக்கம். இரண்டாவது கேள்வியில்தான் பட்டியலைக் காட்டி, “இவற்றில் நீங்கள் இதற்கு முன் கேள்விப்பட்டவை எவை?” என்று கேட்கிறோம். இது தூண்டப்பட்ட அறிமுகம். மூன்றாவது கேள்வி, “அடுத்த முறை முதுகுப்பை வாங்கும்போது இவற்றில் எவற்றையெல்லாம் வாங்க யோசிப்பீர்கள்?” என்பது. நான்காவது, “விலை ஒன்றாகவே இருந்து, ஒன்றை மட்டும்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவீர்கள்?” என்பது. விலையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டால் ஒவ்வொருவரும் தத்தம் மனத்தில் ஒரு விலையை வைத்துக்கொண்டு பதில் சொல்வார்கள். விலை ஒன்றே என்று சொல்லிவிட்டால் விலையுயர்ந்த பிராண்டுகளுக்குச் சற்றுக் கூடுதல் வாக்கு விழும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும், ஒவ்வொரு முறையும் அதையே பின்பற்ற வேண்டும். “எதுவும் இல்லை” என்ற விடையும் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையெனில் கருத்தே இல்லாதவர்களும் ஏதோ ஒரு பெயரைத் தொட்டுவிட்டுப் போவார்கள்.

பட்டியலை ஒருமுறை பார்த்தவரிடம் நினைவிலிருந்து சொல்லச் சொல்வதில் பொருளில்லை என்பது வெளிப்படை. ஆனாலும் நடைமுறையில் அடிக்கடி நேரும் தவறு இதுதான். நான் முதன்முதலில் தயாரித்த படிவத்தின் தலைப்பிலேயே எந்த நிறுவனத்துக்காகக் கேட்கிறோம் என்று மரியாதைக்காக எழுதிவைத்திருந்தேன். முதல் கேள்விக்கு வந்த பதில்களில் அந்தப் பெயர் குவிந்திருந்ததைக் கண்டு ஒரு நாள் முழுவதும் மகிழ்ந்த பிறகே காரணம் உறைத்தது. கூகுள் ஃபார்ம்ஸில் கேள்விகளைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்தாலும், முந்தைய பகுதிக்குத் திரும்பிச் செல்லும் பொத்தான் இருப்பதால், பட்டியலைப் பார்த்தபின் பின்னோக்கி வந்து முதல் பதிலை நிரப்பிவிட முடியும். கட்டத்தில் நான்கைந்து பெயர்கள் பட்டியலில் உள்ள எழுத்து வடிவத்திலேயே பிசகின்றி வந்திருந்தால் சந்தேகப்படலாம். உண்மையில் நினைவிலிருந்து எழுதுபவர்கள் எழுத்துப்பிழை செய்வார்கள், சுருக்குவார்கள், பிராண்டுக்குப் பதிலாக மாடலின் பெயரை எழுதுவார்கள். ஆகவே முதல் கேள்விக்கான பதில்களைக் கணினியிடம் விடாமல், ஒவ்வொன்றாகக் கண்ணால் படித்து, எது எந்தப் பிராண்டைக் குறிக்கிறது என்று பக்கத்தில் ஒரு பத்தியில் குறித்துக்கொள்வது நல்லது. நானூறு பதில்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

பட்டியலிலுள்ள பெயர்கள் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வரிசையில் தோன்றும்படி கலைக்கப்பட வேண்டும். கண்ணால் படிக்கும் பட்டியலில் மேலே இருப்பவை கூடுதலாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. காதால் கேட்கும் பட்டியலிலோ கடைசியில் வருபவைக்கு அந்த வாய்ப்பு அதிகம்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் குறைந்த செலவு ஆய்வுகள் பெரும்பாலும் தடுக்கி விழுகின்றன. தன் சமூக ஊடகப் பக்கத்தைப் பின்தொடர்பவர்களிடம் கேட்பது இலவசம்; ஆனால் அவர்கள் அனைவருக்கும் பிராண்ட் ஏற்கெனவே தெரியும். கடந்த 12 மாதங்களில் முதுகுப்பை வாங்கியவர்கள் அல்லது விரைவில் வாங்கவிருப்பவர்கள்தான் நமக்குத் தேவை. அதைக்கூட நேரடியாகக் கேட்காமல், பல பொருட்களின் பட்டியலைக் காட்டி, “இவற்றில் சமீபத்தில் எவற்றை வாங்கினீர்கள்?” என்று கேட்டு வடிகட்டினால், எந்தப் பதில் வேண்டும் என்பதை யாரும் ஊகிக்க முடியாது. கடைசியாக வாங்கிய பிராண்ட் எது என்ற கேள்வியைப் படிவத்தின் முடிவில் சேர்ப்பது பயன் தரும்: விற்பனையில் சிறு பங்கே உள்ள கிளியைப் பதிலளித்தவர்களில் பாதிப் பேர் வாங்கியிருப்பதாகத் தெரிந்தால், மாதிரி சாய்ந்திருக்கிறது என்று பொருள். அந்தச் சாய்வை இன்னும் ஆயிரம் பேரிடம் கேட்டும் நிமிர்த்த முடியாது.

தகுதியான 400 பேர் பதிலளித்ததாகக் கொள்வோம். கிளியைத் தாமாகவே எழுதியவர்கள் 48 பேர், அதாவது 12 விழுக்காடு. பட்டியலில் பார்த்துக் கேள்விப்பட்டதாகச் சொன்னவர்கள் 220 பேர், 55 விழுக்காடு. இல்லாத பிராண்டான ஆமையைக் கேள்விப்பட்டதாகச் சொன்னவர்கள் 32 பேர், 8 விழுக்காடு. இவர்கள் பொய் சொல்ல நினைத்தவர்கள் அல்லர். எங்கோ கேட்டதுபோல் தோன்றியிருக்கும், அல்லது அவசரத்தில் எல்லாவற்றையும் தொட்டிருப்பார்கள். உண்மையில் அறியாதவர்களில் 8 விழுக்காட்டினர் அறிந்ததாகச் சொல்லிவிடுகிறார்கள் என்று கொண்டால், கிளியின் உண்மையான அறிமுகத்தை இப்படித் திருத்தலாம்:

```
(0.55 − 0.08) / (1 − 0.08) = 0.51
```

55 என்பது 51 ஆனதில் பெரிய மாற்றமில்லை. ஆனால் 12 விழுக்காடு மட்டுமே தூண்டப்பட்ட அறிமுகம் பெற்ற புதிய பிராண்டுக்கு இதே கணக்கைப் போட்டால் 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். சிறிய பிராண்டுகளுக்கு இல்லாத பெயரைச் சேர்ப்பது அதனால்தான் இன்றியமையாதது. அந்தப் பெயர் வேறு எங்கும் உண்மையில் விற்கப்படவில்லை என்பதை முன்கூட்டியே தேடிப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்த படிக்கு வருவோம். கிளியை அறிந்த 220 பேரில் அதை வாங்க யோசிப்பதாகச் சொன்னவர்கள் 66 பேர், அதாவது 30 விழுக்காடு. யானையை அறிந்தவர்கள் 340 பேர். அவர்களில் யோசிப்பவர்கள் 136 பேர், 40 விழுக்காடு. இந்த இடத்தில் கூட்டத்தில் யாராவது ஒருவர், “நம்மைத் தெரிந்துகொண்டவர்களும் நம்மை யோசிப்பதில்லை, ஓட்டை இங்கேதான்” என்று சொல்வார். முதலில் இந்த 10 புள்ளி வேறுபாடு தற்செயலா என்று பார்க்க வேண்டும். ஒரு விழுக்காடு தற்செயலால் எவ்வளவு கூடவோ குறையவோ கூடும் என்பதைக் காட்டும் பிழை வரம்பு இது:

```
1.96 × √( p × (1 − p) / n )
```

p என்பது விகிதம். n என்பது அந்தக் கேள்விக்குரிய ஆட்களின் எண்ணிக்கை. இங்கே n என்பது 400 அன்று, 220 என்பதைக் கவனிக்க வேண்டும். அதனால் 30 விழுக்காட்டின் வரம்பு ஏறத்தாழ 6 புள்ளி மேலும் கீழும். யானைக்குரிய வரம்பையும் இதே வழியில் கண்டு, இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், வேறுபாட்டுக்கான வரம்பு சுமார் 8 புள்ளி வருகிறது. இரண்டு பிராண்டுகளுக்கும் பதிலளித்தவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான் என்பதால் இது தோராயமான கணக்கே. என்றாலும் 10 என்பது 8-ஐத் தாண்டுவதால், வேறுபாடு பெரும்பாலும் உண்மையானதுதான்.

ஆனால் உண்மையான வேறுபாடு எல்லாம் ஓட்டை ஆகிவிடாது. சிறிய பிராண்டுகளை அறிந்தவர்கள் குறைவு. அறிந்தவர்களிடையேயும் அவற்றின் மீதான பிடிப்பு சற்றுக் குறைவாகவே இருக்கும். சமூகவியலாளர் வில்லியம் மெக்ஃபீ 1963-இல் விவரித்த இந்தப் போக்கைப் பின்னர் ஆண்ட்ரூ எஹ்ரன்பெர்க் பல பொருட்களின் சந்தைகளில் எடுத்துக்காட்டினார். இதை இரட்டைப் பாதிப்பு எனலாம். ஆகவே கிளியை ஒப்பிட வேண்டியது யானையோடு அன்று, ஏறத்தாழ அதே அளவுள்ள முயலோடு. முயலை அறிந்தவர்கள் 200 பேர், யோசிப்பவர்கள் 64 பேர், 32 விழுக்காடு. கிளியின் 30 விழுக்காட்டுக்கும் இதற்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. கிளி தன் அளவுக்கு இயல்பான இடத்தில்தான் இருக்கிறது. யோசிக்க வைக்கும் விளம்பரத்துக்குப் பணம் செலவிடுவதைவிட, இன்னும் அதிகமானோர் அறியும்படி செய்வதே இங்கே பொருத்தமான முடிவாக எனக்குத் தோன்றுகிறது. முயலுக்கு 45 விழுக்காடு வந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்.

விருப்பத்துக்கு வரும்போது எண்ணிக்கை மிகவும் சுருங்கிவிடுகிறது. கிளியை யோசிக்கும் 66 பேரில் அதையே தேர்ந்தவர்கள் 22 பேர், 33 விழுக்காடு. யானையை யோசிக்கும் 136 பேரில் 60 பேர், 44 விழுக்காடு. வேறுபாடு 11 புள்ளியாகத் தெரிந்தாலும், மேற்சொன்ன கணக்கின்படி வரம்பு 14 புள்ளி. இதை வைத்து எதையும் சொல்ல இயலாது. இந்த இரண்டு விழுக்காடுகளும் ஒரு வரைபடத்தில் தடித்த பட்டைகளாக ஏறிவிட்டால் யாரும் அடியிலுள்ள 66-ஐப் பார்ப்பதில்லை என்பதால், பட்டையின் கீழேயே ஆட்களின் எண்ணிக்கையை எழுதிவைப்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஆறு மாத விளம்பரத்துக்குப் பிறகு, அதே கேள்விகளை அதே வழியில் திரட்டிய வேறு 400 பேரிடம் கேட்கிறோம். தூண்டப்படாத அறிமுகம் 12-இலிருந்து 15 ஆகியிருக்கிறது. இரண்டு சுற்றுகளுக்கிடையேயான வேறுபாட்டின் வரம்பு ஏறத்தாழ 4.7 புள்ளி என்பதால், அந்த 3 புள்ளி விளம்பரத்தின் பயனாகவும் இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். அவ்வளவு சிறிய உயர்வு வரம்பைத் தாண்ட வேண்டுமென்றாலே ஒவ்வொரு சுற்றிலும் குறைந்தது 1000 பேர் தேவைப்படுவார்கள். ஆகவே எத்தனை பேரிடம் கேட்பது என்று தீர்மானிக்கும் முன், எத்தனை புள்ளி உயர்ந்தால் அந்த விளம்பரத்தைத் தொடர்வோம் என்பதைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். 6 புள்ளிதான் நமக்குப் பொருட்டு என்றால் 400 பேர் போதும்.