‘முகம் அசையவில்லை’ என்று எழுதுங்கள்: மனநிலைப் பரிசோதனைக் குறிப்பில் ஒரு திருத்தம்

புறநோயாளிப் பிரிவில் ஒரு காலை, முதலாண்டு முதுநிலை மாணவி ஒருவர் தன் குறிப்பை என்னிடம் காட்டினார். நோயாளிக்கு 46 வயது, கைத்தறி நெசவாளர். பல ஆண்டுகளாக ஸ்கிசோஃப்ரினியாவுக்குச் சிகிச்சை பெறுபவர். மூன்று மாதங்களுக்கு முன் நோய் திரும்பியபோது ஹாலோபெரிடால் மாத்திரை தொடங்கியிருந்தார்கள். குரல்கள் அடங்கிவிட்டன. ஆனால் வீட்டில் யாரோடும் பேசுவதில்லை, தறிப்பக்கம் போவதே இல்லை என்று அண்ணன் அழைத்து வந்திருந்தார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மாணவியின் குறிப்பு ஐந்தே வரிகள்: “உடையில் கவனம் இல்லை. ஒத்துழைக்கவில்லை. அக்கறையின்றிப் பதில் சொல்கிறார். உணர்வு வெளிப்பாடு மழுங்கியுள்ளது. நோய் பற்றிய புரிதல் இல்லை.” கீழே, மாத்திரையின் அளவைக் கூட்டலாமா என்ற கேள்வி.

அந்த ஐந்து வரிகளில் ஒன்றுகூட அவர் கண்ணால் கண்டதோ காதால் கேட்டதோ அல்ல. எல்லாமே கண்டதிலிருந்து அவர் எடுத்த முடிவுகள். முடிவு தவறாக இருந்தால், குறிப்பை மட்டும் படிக்கும் அடுத்த மருத்துவருக்கு அதைத் திருத்த வழியே இல்லை. இருவரும் மறுபடி நோயாளியின் முன்னால் உட்கார்ந்தோம். தலைப்பு தலைப்பாகப் புதிதாக எழுதினோம்.

தொடங்கும் முன்

தேதி, நேரம், இடம், எந்த மொழியில் பேசினோம், உடன் யார் இருந்தார்கள் என்பதை முதல் வரியில் எழுதுங்கள். அண்ணன் பக்கத்தில் இருக்கும்போது சொன்ன பதிலும், அவர் வெளியே போனபின் சொன்ன பதிலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இந்தப் பரிசோதனை, அந்த ஒரு சந்திப்பில் நாம் பார்த்ததையும் கேட்டதையும் மட்டுமே பதிவு செய்கிறது. “வீட்டில் பேசுவதில்லை” என்பது அண்ணன் சொன்ன வரலாறு, அதை எழுத வழக்குத்தாளில் தனிப் பக்கம் இருக்கிறது. மாணவி அதை மனதில் வைத்துக்கொண்டு அறைக்குள் வந்ததால்தான், மெதுவாக வந்த பதில் அவர் காதுக்கு ‘ஒத்துழையாமை’யாகக் கேட்டது.

தோற்றமும் நடத்தையும்

‘உடையில் கவனம் இல்லை’ என்ற இடத்தில் இப்போது இப்படி எழுதினோம்: “துவைத்த லுங்கியும் சட்டையும் அணிந்திருந்தார். சட்டைப் பொத்தான்கள் ஒரு துளை மாறிப் போடப்பட்டிருந்தன. நான்கைந்து நாள் தாடி.” உடை சுத்தமாகத்தான் இருந்தது. பொத்தான் ஏன் மாறியது என்று கேட்டோம். “விரல் சொன்னபடி கேட்கவில்லை” என்றார். அதையும் மேற்கோள் குறிக்குள் சேர்த்தோம்.

பிறகு இன்னும் கூர்ந்து பார்த்தோம். “20 நிமிடமும் உட்கார்ந்த நிலை மாறவில்லை. கண் சிமிட்டுவது குறைவு. வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடியில் இருக்கையில் நடுங்கின, தண்ணீர் டம்ளரை எடுத்தபோது நடுக்கம் நின்றது. வாயோரம் ஈரம், இரண்டு முறை தோளில் துடைத்துக்கொண்டார். நடக்கும்போது அடிகள் குறுகலாக இருந்தன, கைகள் வீசவில்லை. திரும்புவதற்கு ஐந்தாறு அடி எடுத்தார். கேட்ட எல்லாக் கேள்விக்கும் முகம் பார்த்துப் பதில் சொன்னார்.”

இந்தப் பத்தியை எழுதி முடித்ததும் மாணவி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் எதுவும் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்துவிட்டது.

பேச்சு

இங்கே சொல்லப்படும் கருத்தை எழுதுவதில்லை, அது வரும் விதத்தை எழுதுகிறோம். ‘அக்கறையின்றி’ என்ற சொல் போய், “கேள்விக்கும் பதிலுக்கும் இடையே நான்கைந்து வினாடி. குரல் தாழ்வு, ஏற்ற இறக்கம் குறைவு. பதில்கள் முழு வாக்கியங்களாகவும் கேள்விக்குப் பொருத்தமாகவும் இருந்தன” என்பது வந்தது. அக்கறை இல்லாதவர் நான்கு வினாடி கழித்து முழு வாக்கியத்தில் பொருத்தமான பதில் சொல்ல மாட்டார் என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் அந்த வினாடிகள் எழுத்தில் இருந்தால்தான், அது எண்ணம் வற்றியதா, வாய்த்தசை மெதுவாக அசைவதா என்ற கேள்வி எழும்.

உணர்வுநிலையும் உணர்வு வெளிப்பாடும்

உணர்வுநிலை என்பது நோயாளி தன் மனத்தைப் பற்றிச் சொல்வது. வெளிப்பாடு என்பது நாம் அவரிடம் காண்பது. இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள், ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்துகிறதா என்பதை மூன்றாவது வரியில் எழுதுங்கள். ஒரே வரியில் கலந்தால் இந்த நோயாளியிடம் இருந்த முக்கியமான செய்தி காணாமல் போய்விடும்.

நாங்கள் எழுதியது: “மனம் எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, ‘மனம் கனமாக இல்லை, உடம்புதான் கனமாக இருக்கிறது’ என்றார். பேட்டி முழுவதும் முகத் தசைகளின் அசைவு மிகக் குறைவு. மகள் பத்தாம் வகுப்பில் தேறியதைச் சொன்னபோது கண்கள் கலங்கின, உதடுகள் அசையவில்லை. ‘சந்தோஷம்தான் டாக்டர், முகத்தில் வரவில்லை’ என்றார். சொன்ன உணர்வுக்கும் முகத்துக்கும் பொருத்தம் குறைவு.”

ஸ்கிசோஃப்ரினியாவில் உணர்வு வெளிப்பாடு மழுங்குவது உண்டு. கடும் மனச்சோர்விலும் முகம் உறைந்து, பேச்சு தாமதமாகும். ஹாலோபெரிடால் போல, மூளையின் வேதிப்பொருளான டோபமினைத் தடுக்கும் மாத்திரையால் வரும் பார்க்கின்சன் போன்ற நிலையிலும் முகம் இப்படித்தான் இருக்கும். ‘மழுங்கியது’ என்று எழுதிவிட்டால் மூன்றும் ஒன்றாகிவிடும். மனச்சோர்வாக இருந்தால் அவரிடம் குற்ற உணர்வோ நம்பிக்கையின்மையோ பெரும்பாலும் பேச்சில் தெரியும். நோயின் மழுங்கலாக இருந்தால் மகளைப் பற்றிய பேச்சுக்குக் கண்கள் கலங்குவதைப் பொதுவாக எதிர்பார்க்க மாட்டோம். ஓய்வில் நடுக்கம், வீசாத கைகள், வாய்நீர் ஆகியவை மூன்றாவது காரணத்தைச் சுட்டுகின்றன. ஒருவரிடமே இரண்டு காரணங்கள் சேர்ந்தும் இருக்கலாம். அதனால் மனநிலைக் குறிப்போடு நிற்காமல் உடல் பரிசோதனையும் செய்தோம். மணிக்கட்டை மடக்கி நீட்டியபோது பற்சக்கரம் போல விட்டு விட்டு ஓர் இறுக்கம் இருந்தது. அது உடல் பரிசோதனைப் பகுதியில் பதிவானது.

எண்ணம்

எண்ணத்தின் ஓட்டமும் உள்ளடக்கமும் வேறு வேறு. ஓட்டம் கோவையாக இருந்தது என்று எழுதினால் போதாது. சந்தேகம் இருந்தால் நோயாளியின் மூன்று நான்கு வாக்கியங்களை அப்படியே எழுதுங்கள்.

நம் ஊரில் வழக்குத்தாளை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம். நோயாளியின் சொல்லை மட்டுமாவது தமிழிலேயே எழுதி வையுங்கள். ‘நெஞ்சு அடைக்கிறது’ என்பதைப் பதற்றம் என்று மொழிபெயர்த்துவிட்டால், அவர் துக்கத்தைச் சொன்னாரா, பயத்தைச் சொன்னாரா, இதய வலியைச் சொன்னாரா என்பதை யாரும் மீட்டெடுக்க முடியாது.

உள்ளடக்கத்தில் இந்த நோயாளி, எதிர்வீட்டுக்காரர் தனக்குச் செய்வினை வைத்ததாக முன்பு நினைத்ததைச் சொன்னார். செய்வினை என்ற சொல் காதில் விழுந்தவுடன் அதை டெல்யூஷன், அதாவது நோயால் வந்த பொய் நம்பிக்கை, என்று எழுதும் அவசரம் பயிற்சிக் காலத்தில் எல்லோருக்கும் வரும். அந்த நம்பிக்கை வீட்டிலும் தெருவிலும் பலருக்கு இருக்கலாம். அவருக்கு அது எப்படித் தெரியவந்தது, எவ்வளவு உறுதி, வேறு விளக்கம் இருக்கலாம் என்று ஒப்புகிறாரா, அதனால் என்ன செய்தார், வீட்டிலிருப்பவர்களும் அதை நம்புகிறார்களா என்று கேட்டு, பதில்களை எழுதுங்கள். அவர் சொன்னது: “அப்போது நூறு சதவீதம் நம்பினேன். இப்போது அப்படி இல்லை.”

தற்கொலை எண்ணத்தை ‘மறுக்கிறார்’ என்று எழுதாதீர்கள். அந்தச் சொல்லில், அவர் மறைக்கிறார் என்ற சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘இல்லை’ என்ற ஒற்றைச் சொல்லும் போதாது, கேட்டீர்களா என்பதே அதில் தெரியாது. நாங்கள் எழுதியது: “உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியதுண்டா என்று தனியாக, நேரடியாகக் கேட்டதற்கு, ‘தறியில் உட்கார முடியாதபோது ஏன் இருக்கிறோம் என்று தோன்றும். சாக வேண்டும் என்று நினைத்ததில்லை’ என்றார். திட்டமோ முயற்சியோ இல்லை என்றார்.”

புலனுணர்வும் அறிதிறனும்

குரல்கள் இப்போது கேட்கவில்லை என்றார். பேட்டியின்போது வேறெதையோ கவனிப்பதாகவோ தனக்குள் பேசுவதாகவோ நாங்கள் காணவில்லை. அவர் சொன்னதும் நாங்கள் கண்டதும் இரண்டு வரிகள்.

அறிதிறனில், நாள், மாதம், இடம் மூன்றையும் சரியாகச் சொன்னார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவரிடம் நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லி, முடியவில்லை என்று எழுதுவது நியாயமல்ல. இருபதிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைக்கச் சொன்னோம், பிழையின்றி, ஆனால் மெதுவாகச் சொன்னார். என்ன கேட்டோம் என்பதும் குறிப்பில் இருக்க வேண்டும்.

நோய் பற்றிய புரிதல்

மாணவி ‘இல்லை’ என்று எழுதியதற்குக் காரணம், நோயாளி இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தியது. ஆனால் ஏன் நிறுத்தினார் என்று கேட்டபோது, “குரல் கேட்டது நோயால்தான். இந்த மாத்திரை அதை நிறுத்தியது, உடம்பையும் கட்டிப்போட்டுவிட்டது. இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன்” என்றார். இந்த மூன்று வாக்கியங்களை, புரிதலை அளக்க நாம் பயன்படுத்தும் ஒன்று முதல் ஆறு வரையிலான படிகளில் எதில் வைப்பது?

1990-ல் அந்தோணி டேவிட் என்ற உளமருத்துவர் இந்தப் புரிதலை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: தனக்கு நோய் இருக்கிறது என்று உணர்வது, விசித்திரமான அனுபவங்கள் நோயால் வந்தவை என்று அறிவது, சிகிச்சையை ஏற்பது. இவை சேர்ந்தும் இருக்கலாம், தனித்தும் இருக்கலாம். இந்த நோயாளியிடம் முதல் இரண்டும் தெளிவாக இருந்தன. மூன்றாவதில், சிகிச்சை வேண்டும், இந்த மாத்திரையின் தொல்லை வேண்டாம் என்கிறார். ஒற்றை எண் இதைச் சொல்லாது. அவர் சொன்னதை எழுதினோம்.

இன்னொரு காரணத்துக்காகவும் சொற்களில் கவனம் தேவை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 25-ஆம் பிரிவில், தன் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. ‘அக்கறையில்லை’ என்ற சொல்லை அவரே ஒருநாள் படிக்கலாம். “பதில் சொல்ல நான்கைந்து வினாடி எடுத்துக்கொண்டார்” என்பதைப் படித்தால் அவர் தலையாட்டுவார்.

மாத்திரையின் அளவை நாங்கள் கூட்டவில்லை. அண்ணனுக்கும் அவருக்கும் விளக்கிச் சொல்லி, குரல்கள் திரும்புகின்றனவா என்று வாராவாரம் கேட்டுக்கொண்டே படிப்படியாகக் குறைத்தோம். நடுக்கத்துக்கும் இறுக்கத்துக்கும் ட்ரைஹெக்ஸிபெனிடில் சில வாரங்கள் மட்டும் கொடுத்தோம்.

ஆறாவது வாரம் அதே மாணவி எழுதிய குறிப்பு இப்படித் தொடங்கியது: “சட்டைப் பொத்தான்கள் நேராகப் போடப்பட்டிருந்தன. நடக்கும்போது இடது கை வீசியது, வலது கை அதைவிடக் குறைவாக வீசியது. மகளின் பள்ளியைப் பற்றிக் கேட்டபோது இரண்டு வினாடிக்குள் பதில் வந்தது. உதட்டின் ஒரு பக்கம் சிரிப்பு.”