பெயின்ட்டுக்கு ஒன்று, இன்சுலேஷனுக்கு வேறு: ஒரே தொட்டியின் பரப்பளவுகள்

இன்சுலேஷன் வேலைக்குப் பொருள் கேட்டு வரும் பட்டியல்களில் அடிக்கடி ஒரே எண்தான் இருக்கும். "தொட்டியின் பரப்பளவு 10.2 சதுர மீட்டர். அதற்குத் தேவையான பெயின்ட், ராக்வுல், மேல் தகடு எல்லாம் அனுப்புங்கள்." வந்த எண் தவறே இல்லை. ஆனால் அது வெறும் தொட்டிக்கான எண். மேலே ஒரு அடுக்கு ஏறியதுமே தொட்டி பருத்துவிடுகிறது. அடுத்த அடுக்குக்கு அந்த எண் பொருந்தாது.

நான் நடுத்தரமான ஒரு வெந்நீர்த் தொட்டியை எடுத்துக்கொள்கிறேன். வெளிவிட்டம் 1.2 மீட்டர், உயரம் 2.4 மீட்டர், மேல்மூடி தட்டையானது. அடிப்பகுதி மேடையில் உட்கார்ந்திருப்பதால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இதற்கு 50 மில்லிமீட்டர் ராக்வுல் கம்பளி விரிப்பு இரண்டு அடுக்கு, அதன் மேல் அலுமினியத் தகடு.

முதலில் அளவெடுப்பது. விட்டத்தைக் குறுக்கே பிடித்து அளப்பதைவிட, டேப்பைச் சுற்றிப் பிடித்துச் சுற்றளவை எடுப்பதே மேல். குறுக்கே அளக்கும்போது சரியான நடுவில் டேப் இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. சுற்றளவு கிடைத்துவிட்டால் 3.14 என்ற பை கூட வேண்டாம்: சுற்றளவை உயரத்தால் பெருக்கினால் பக்கப் பரப்பு வந்துவிடும். வெல்டிங் தையலும் குழாய் முனையும் இல்லாத இடத்தில், மேலே, நடுவே, கீழே என்று மூன்று தடவை சுற்றிப் பாருங்கள். டேப் சாய்ந்து கிடந்தால் அளவு கூடிக் காட்டும். வரைபடத்தை நம்புவதானால், அதில் இருப்பது உள்விட்டமா வெளிவிட்டமா என்று கேட்டுவிடுங்கள். கொள்ளளவுக்காக வரைந்த படங்களில் பெரும்பாலும் உள்விட்டம்தான் இருக்கும்.

நம் தொட்டியின் சுற்றளவு 3.77 மீட்டர். 2.4-ஆல் பெருக்கினால் பக்கம் 9.05 சதுர மீட்டர். மேல்மூடி 1.13. மொத்தம் 10.18. இங்கே வழக்கமாக நடக்கும் பிழை ஒன்று உண்டு: மூடிக்கு ஆரத்தை வர்க்கப்படுத்த வேண்டிய இடத்தில் விட்டத்தைப் போட்டுவிடுவது. மூடி நான்கு மடங்காகிவிடும். விட்டத்தை வர்க்கப்படுத்தி 0.785-ஆல் பெருக்கும் பழக்கம் இருந்தால் இந்தக் குழப்பமே வராது. மூடி தட்டையாக இல்லாமல் 2:1 நீள்வட்டக் குவிமாடமாக இருந்தால் 0.785-க்குப் பதில் 1.084 போட வேண்டும். அதாவது மூடி மட்டும் கிட்டத்தட்ட 38 சதவீதம் கூடும்.

இந்த 10.18 பெயின்ட்டுக்குச் சரியான எண். இன்சுலேஷனுக்குள் மறையப்போகும் எஃகுக்கு எதற்குப் பெயின்ட் என்று சிலர் கேட்பார்கள். உள்ளே ஈரம் புகுந்து, வெளியே தெரியாமல் துரு பிடிப்பது அங்கேதான்; ஆகவே அந்தச் சூட்டைத் தாங்கும் பிரைமர் வேண்டும். எவ்வளவு லிட்டர் என்பதை டப்பாவின் தகவல் தாளில் உள்ள, கன அளவிலான திடப்பொருள் சதவீதத்தை வைத்துப் போடலாம். அதைப் பத்தால் பெருக்கி, காய்ந்த படலத்தின் தடிமனால் வகுத்தால், ஒரு லிட்டருக்கு எத்தனை சதுர மீட்டர் என்று கிடைக்கும். 60 சதவீதம் திடப்பொருள், 75 மைக்ரான் படலம் என்றால் லிட்டருக்கு 8 சதுர மீட்டர். 10.18-ஐ 8-ஆல் வகுத்தால் 1.27 லிட்டர், ரோலரிலும் தட்டிலும் தங்குவதற்கு 20 சதவீதம் விட்டால் 1.6 லிட்டர், ஒரு பூச்சுக்கு. ஸ்ப்ரே என்றால் வீணாவது இன்னும் கூடும். வேலை முடிந்து டப்பாவில் நிறைய மிஞ்சியிருந்தால் சிக்கனம் என்று சந்தோஷப்படாதீர்கள். படலம் மெல்லியதாகிவிட்டது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். மேற்சொன்ன பெயின்ட்டுக்கு, பூசும்போதே ஈரப் படலம் 125 மைக்ரான் காட்ட வேண்டும்.

சரி, இப்போது ராக்வுல். தொட்டியைச் சுற்றும் விரிப்புக்கு உள்முகம், வெளிமுகம் என்று இரண்டு நீளம். உள்முகம் 3.77 மீட்டர், 50 மில்லிமீட்டர் வெளியே தள்ளி இருக்கும் வெளிமுகம் 4.08 மீட்டர். வித்தியாசம் 31 சென்டிமீட்டர். தொட்டி சின்னதோ பெரியதோ, 50 மில்லிமீட்டர் தடிமனுக்கு இந்த வித்தியாசம் மாறவே மாறாது, தடிமனை 6.28-ஆல் பெருக்கினால் அதுதான். எந்தச் சுற்றளவுக்கு வெட்டுவது? வெளிமுகத்துக்கே. கம்பளி உள்பக்கம் அமுங்கிக்கொடுக்கும், வெளிபக்கம் இழுபடாது. அலுமினியத் தாள் ஒட்டிய விரிப்பில் சுத்தமாக இழுபடாது. தொட்டியின் சுற்றளவுக்கே வெட்டிவிட்டால் இணைப்பில் ஆப்பு வடிவத்தில் வாய் பிளந்து நிற்கும். அதைப் பட்டையால் இறுக்கி மூடப் பார்த்தால் கம்பளி நசுங்கித் தடிமன் குறையும். இரண்டும் வெப்பம் தப்பும் வழிதான்.

ஆக, முதல் அடுக்கு 4.08 மீட்டர் நீளம். அதன் மேல் ஏறும் இரண்டாவது அடுக்கு 4.40, தாள் மேலேறி மூட 5 சென்டிமீட்டர் சேர்த்து 4.45. விரிப்பின் அகலம் 1.2 மீட்டர் என்று வைத்தால், 2.4 உயரத்துக்கு முதல் அடுக்கில் இரண்டு வரிசை சரியாக உட்காரும். இரண்டாவது அடுக்கின் இணைப்பு முதல் அடுக்கின் இணைப்பு மேலேயே விழக்கூடாது. எனவே ஒரு துண்டை நீளவாக்கில் பாதியாக வெட்டி, கீழே அரை, நடுவில் முழு, மேலே அரை என்று சுற்றுவோம். பொருள் அதே இரண்டு வரிசைதான்.

மூடிக்கு 1.4 மீட்டர் விட்டத்தில் இரண்டு வட்டம், பக்க அடுக்குகளின் விளிம்பையும் மூடும்படி. விரிப்போ 1.2 அகலம்தான், ஆகவே இருபுறமும் ஒட்டுப்போட வேண்டும். ஒரு வட்டத்துக்கு 1.6 மீட்டர் நீளம் போய்விடும்.

கூட்டிப் பாருங்கள். முதல் அடுக்கு 8.17 மீட்டர், இரண்டாவது 8.90, மூடி 3.2. மொத்தம் 20.27 மீட்டர். பட்டியல் எழுதியவர் 10.18-ஐ இரண்டால் பெருக்கி, 10 மீட்டர் நீள உருளையின் 12 சதுர மீட்டரால் வகுத்திருப்பார்: 1.7. இரண்டு உருளை போதும், மிச்சமும் இருக்கும் என்று முடிவு செய்திருப்பார். உண்மையில் இரண்டு உருளைகளும் பக்கங்களைச் சுற்றியதும், ஒன்றில் 1.83 மீட்டரும் மற்றதில் 1.10 மீட்டரும் மிஞ்சும். முதலாவதில் ஒரு மூடி வட்டம் வரும். இன்னொன்றுக்குத் துண்டு துண்டாக ஒட்டினாலொழிய வழியில்லை. மூன்றாவது உருளையைப் பட்டியலிலேயே சேர்த்துவிடுவது நல்லது.

மேல் தகடு இன்னும் வெளியே போகிறது: விட்டம் 1.4, உயரம் மூடியின் இரண்டு அடுக்கும் சேர்ந்து 2.5. பக்கம் 11.0, மூடி 1.54, மொத்தம் 12.5 சதுர மீட்டர். வெறும் தொட்டியைவிட 23 சதவீதம் அதிகம், தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறுவதற்கான அளவு தனி. 12 மீட்டர் விட்டத் தொட்டிகளில் வேலை செய்து பழகியவர்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும். அங்கே இதே 100 மில்லிமீட்டர் சுற்றளவை இரண்டு சதவீதம்கூடக் கூட்டாது. தொட்டி சிறுக்கச் சிறுக்க வித்தியாசம் பெருகும். வெளிவிட்டம் 100 மில்லிமீட்டர் உள்ள குழாய்க்கு 50 மில்லிமீட்டர் கம்பளி சுற்றினால் தகட்டின் பரப்பு நேராக இரண்டு மடங்கு. அதனால் தொட்டியோடு சேரும் குழாய்களையும் அதே பட்டியலில் எழுதும்போது, வெளிவிட்டத்துக்கு ஒரு தனிப் பத்தி போட்டுவிடுங்கள்.